ஆடு புலி ஆட்டமும் புதியவன் மதிப்புரையும்

நூலுக்கு மதிப்புரை எழுதுவோர் அதனை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு எழுதுகின்றனர். பாதியில் நிறுத்திவிட்டு எழுதினால் படிப்பவர் கண்டுகொள்வர். ஒரு விளையாட்டுக்கு மதிப்புரை எழுதுவது அவ்வாறன்று. நூலுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. விளையாட்டுக்குக் கடைசிப் பக்கம் இல்லை. மூன்று முறை விளையாடியவனும் எழுதலாம், முந்நூறு முறை விளையாடியவனும் எழுதலாம். இருவரும் ஒரே விளையாட்டைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். ஆயினும் இருவர் கண்டதும் ஒன்றன்று.

ஆதலின், உத்தியால் வெல்லும் ஆட்டம் ஒன்றைப் புதிதாகப் பயில்வோன் அதற்கு நேர்மையான மதிப்புரை எழுத இயலுமா, இயலுமாயின் எவ்வாறு எழுதவேண்டும் என்பதை இக்கட்டுரையில் ஆராயலாம். அத்தகைய மதிப்புரையில் மூன்று வினாக்களுக்கு விடை இருத்தல் வேண்டும். கற்றுக்கொள்வது எவ்வளவு கடினம்? கற்றபின் உள்ளே எவ்வளவு ஆழம் உண்டு? ஒருமுறை விளையாடியவன் மறுமுறையும் விளையாட விரும்புவானா? வெறும் பேச்சாக இவற்றை விளக்குவதைவிட, நாம் எல்லோரும் அறிந்த ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு விளக்குவது நலம். அதற்கு ஆடு புலி ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன்.

மைசூரில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதுவதில் ஒரு பொருத்தமும் உண்டு. இந்நகரை ஆண்ட மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) பலகை விளையாட்டுகளில் பெருவிருப்புடையவர், சதுரங்கத்தில் வல்லவர், தாமே பல ஆட்டங்களை வகுத்தவர். அவர் காலத்தில் தொகுக்கப்பட்ட ‘ஸ்ரீதத்துவநிதி’ என்னும் பெருநூலின் ஒன்பது நிதிகளில் ஒன்றாகிய கௌதுக நிதி விளையாட்டுகளைப் பற்றியதே. நம் ஊரில் ஆடு புலி என்பதை இங்குள்ள கன்னட நண்பர்கள் ‘ஆடு ஹுலி’ என்கின்றனர். பெயரை மொழிபெயர்க்கவும் வேண்டியதில்லை. விடுதியில் சுண்ணக்கட்டியால் தரையில் கோடு கிழித்தவுடன் தமிழ் மாணவரும் கன்னட மாணவரும் ஒருங்கே வந்து அமர்ந்துவிடுகின்றனர்.

எந்த ஆட்டம் என்பதை முதலில் சொல்லுக

மதிப்புரையின் முதற் கடமை, எந்த விதிகளின்படி விளையாடினோம் என்பதைச் சொல்லுதல். ஆடு புலி ஆட்டம் ஊருக்கு ஊர் சற்றே மாறுபடும். விதி மாறினால் மதிப்பும் மாறும். ஆகவே நானும் என் அறைத் தோழரும் விளையாடிய முறையை இங்கே குறித்துவிடுகிறேன்.

கோடுகளைப் பின்வருமாறு இடவேண்டும். ஓர் உச்சியிலிருந்து கீழ்நோக்கி நான்கு சாய்கோடுகள் விரிந்து இறங்குகின்றன. அவற்றை மூன்று கிடைக்கோடுகள் குறுக்கே வெட்டி, இருபுறமும் சற்றே வெளியே நீண்டு நிற்கின்றன. அவ்வாறு நீண்ட முனைகளை இடப்புறம் ஒரு நெடுங்கோடும் வலப்புறம் ஒரு நெடுங்கோடும் இணைக்கின்றன. சாய்கோடுகளின் அடிகளை ஓர் அடிக்கோடு இணைக்கிறது. கோடுகள் கூடும் இடங்கள் மொத்தம் 23. பேசுவதற்கு எளிதாக அப்புள்ளிகளுக்குப் பெயரிட்டுக்கொள்வோம்.

உச்சி
முதல் வரிசை: அ1, ஆ1, இ1, ஈ1, உ1, ஊ1
இரண்டாம் வரிசை: அ2, ஆ2, இ2, ஈ2, உ2, ஊ2
மூன்றாம் வரிசை: அ3, ஆ3, இ3, ஈ3, உ3, ஊ3
அடிக்கோடு: ஆ4, இ4, ஈ4, உ4

அ, ஊ ஆகியவை இருபுறத்து நெடுங்கோடுகள். இடையிலுள்ள நான்கும் உச்சியிலிருந்து இறங்கும் சாய்கோடுகள். இதனை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டு மேலே படித்தால் பின்வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

புலிகள் மூன்று; ஆடுகள் பதினைந்து. தொடக்கத்தில் புலிகளை உச்சி, இ1, ஈ1 ஆகிய இடங்களில் வைத்தோம். ஆட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் ஓர் ஆட்டைக் காலியான புள்ளியில் வைப்பார். உடனே புலிக்காரர் ஒரு புலியை நகர்த்துவார். புலி கோட்டின்வழியே அடுத்த காலிப் புள்ளிக்குச் செல்லலாம். அல்லது அடுத்துள்ள ஓர் ஆட்டை நேர்கோட்டில் தாண்டி, அதற்கப்பால் உள்ள காலிப் புள்ளியில் இறங்கி, அந்த ஆட்டை வெட்டலாம். பதினைந்து ஆடுகளும் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் நகரக்கூடாது. அதன்பின் ஒவ்வொரு முறையும் ஓர் ஆடு நகர்ந்தே ஆகவேண்டும். ஆறு ஆடுகள் வெட்டப்பட்டால் புலிக்கு வெற்றி. மூன்று புலிகளும் அசைய வழியின்றி அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி. தாயமும் சோழியும் இல்லாமையால் அதிர்ஷ்டத்திற்கு இங்கே இடமே இல்லை.

கற்கும் படிகள்

மேற்கண்ட விதிகளைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். இதனைக் கண்டு, ‘கற்பதற்கு மிக எளிது’ என்று எழுதிவிடுவோர் பலர். அது பாதி உண்மையே. விதியைக் கற்பது வேறு. விளையாடக் கற்பது வேறு. மேலும் இந்த ஆட்டத்தில் கற்கும் பாதை ஒன்றன்று, இரண்டு. புலிக்காரன் பாதை சமவெளி. ஆட்டுக்காரன் பாதை மலையேற்றம்.

நாங்கள் பன்னிரண்டு ஆட்டங்கள் விளையாடினோம். ஒவ்வோர் ஆட்டத்திற்கும் கட்சியை மாற்றிக்கொண்டோம். இருவரும் ஒரே அளவு புதியவர்கள். யார் எந்தக் கட்சி, யாருக்கு வெற்றி, எத்தனை ஆடுகள் வெட்டுண்டன என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தோம். முதல் ஆறு ஆட்டங்களில் ஆறிலும் புலியே வென்றது. எங்களில் யார் புலி பிடித்தாலும் அதுவே முடிவு. அடுத்த ஆறில் புலிக்கு இரண்டு, ஆட்டுக்கு இரண்டு, முடிவின்றி நின்றவை இரண்டு.

இக்கணக்கைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஆறாம் ஆட்டம் முடிந்தவுடன் மதிப்புரை எழுத அமர்ந்திருந்தால், ‘இது ஒருதலையான ஆட்டம், புலி பிடித்தவன் வெல்வான், ஆடு பிடிப்பது வீண்’ என்றே எழுதநேரும். ஆறுக்கு ஆறு என்னும் சான்றும் கையில் இருந்திருக்கும். பன்னிரண்டாம் ஆட்டத்திற்குப்பின் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. இடையில் பலகை மாறவில்லை, விதி மாறவில்லை. ஆடு வைப்பவரின் அறிவு மட்டுமே மாறியது. எனவே புதியவன் கையில் உள்ள வெற்றி தோல்விக் கணக்கு ஆட்டத்தை அளக்கும் கோல் அன்று. அவன் நிற்கும் படியை அளக்கும் கோல்.

ஆட்டுக்காரன் முதலில் ஏன் தோற்கிறான் என்பதையும் கூறவேண்டும். காரணம் கூறாத மதிப்புரை படிப்பவர்க்குப் பயன்படாது. புதியவன் கண் தானாகவே நடுப்பலகைக்குச் செல்கிறது. முதல் ஆட்டை இ2-இல் வைக்கிறான். இ1-இல் உள்ள புலி அதைத் தாண்டி இ3-இல் இறங்குகிறது, ஆடு போயிற்று. அடுத்ததை ஆ1-இல் வைத்தால் உச்சியிலுள்ள புலி அதைத் தாண்டி ஆ2-இல் இறங்குகிறது. சற்றே எச்சரிக்கையுடன் புலி அருகில் இல்லாத ஆ2-இல் வைக்கிறான் என்று கொள்வோம். ஒரு புலி இ2-க்கு வந்து நிற்கிறது. அது ஆட்டைத் தாண்டி அ2-இல் இறங்கலாம் என்பதால், அடுத்த ஆட்டை அ2-இல் வைத்துக் காக்கிறான். மற்றொரு புலி ஆ1-க்கு வருகிறது. இப்பொழுது ஆ3-இலும் ஓர் ஆடு வைத்தாகவேண்டும். நடுவில் வைத்த ஓர் ஆடு இரண்டு ஆடுகளைக் கடன் கேட்கிறது. கடனுக்கு வந்த ஆ3-ஆடும் கிடைக்கோட்டில் காப்பின்றி நின்று, மேலும் ஒரு கடன் கேட்கிறது. புலிக்காரன் இதற்குள் சிந்தித்தது மிகக் குறைவு. கிட்டச் சென்று நின்றான், அவ்வளவே.

கற்கும் படிகளைப் பற்றி எழுதும்போது, ‘எளிது’, ‘கடினம்’ என்ற இரு சொற்களோடு நிறுத்தாமல், எந்தக் கட்சியில் எத்தனையாவது ஆட்டத்தில் என்ன விளங்கியது என்று எழுதுக. எங்கள் குறிப்பேட்டில் ஏழாம் ஆட்டத்தின் எதிரே ‘மூலை’ என்ற ஒரு சொல் உள்ளது. அச்சொல்லே எங்கள் முதற் படி.

ஆழத்தை அளத்தல்

ஆழம் என்பது கடினத்தைக் குறிப்பதன்று. கடினமாகத் தோன்றி, ஒரு தந்திரம் தெரிந்தவுடன் தீர்ந்துபோகும் ஆட்டங்கள் உண்டு. ஒன்று விளங்கியபின் அதனாலேயே அடுத்த வினா எழுமாயின் அதுவே ஆழம். புதியவன் கடலின் அடியைத் தொட இயலாது. ஆனால் தான் இறங்கிய படிகளை எண்ணிச் சொல்ல இயலும். நான் இறங்கிய மூன்று படிகளைச் சொல்கிறேன்.

முதற் படி, மூலைகள். ஓர் ஆடு வெட்டுப்பட வேண்டுமானால் அதன் ஒருபுறம் புலியும் நேர் எதிர்ப்புறம் காலியிடமும் இருக்கவேண்டும். அதாவது ஏதேனும் ஒரு கோடு அப்புள்ளியை ஊடுருவிச் செல்லவேண்டும். வரைந்த படத்தை உற்றுநோக்கினால் ஏழு புள்ளிகளை எந்தக் கோடும் ஊடுருவவில்லை என்பது தெரியும். கோடுகள் அங்கே முடிந்துவிடுகின்றன. அவை உச்சி, அ1, அ3, ஊ1, ஊ3, ஆ4, உ4. இவ்விடங்களில் நிற்கும் ஆட்டை எந்தப் புலியும் என்றும் வெட்ட இயலாது. அ2, ஊ2, இ4, ஈ4 ஆகிய நான்கையும் ஒரே ஒரு கோடு ஊடுருவுகிறது. எஞ்சிய பன்னிரண்டிலும் இரண்டு கோடுகள் குறுக்கிடுகின்றன. அவையே பேரிடர் மிக்க இடங்கள். புதியவன் முதலில் நாடும் நடுப்பலகை முழுவதும் இப்பன்னிரண்டுக்குள் அடங்கும்.

இரண்டாம் படி, சுவர். மூலைகள் நிரம்பியபின் என்ன செய்வது? அ1-இலும் அ3-இலும் ஆடுகள் நிற்குமாயின் இடையிலுள்ள அ2 தானே காப்புப் பெறுகிறது. ஏனெனில் தாண்டி இறங்கக் காலியிடம் இல்லை. ஆ4-இல் ஆடு நின்றால் இ4-உம், உ4-இல் நின்றால் ஈ4-உம் அவ்வாறே. இனி ஆ3-ஐப் பாருங்கள். அதன் இடப்புறம் அ3. அதன் கீழே ஆ4. இரண்டிலும் நம் ஆடுகள். ஆகவே ஆ3-உம் காப்புடையதே. அதன்மேல் ஆ2, அதற்குப் பின்னால் அ2-உம் கீழே ஆ3-உம் துணை. இவ்வாறு ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுவர் கட்டிக்கொண்டே வரலாம். ஒவ்வொரு கோட்டிலும் ஒருபுறமாவது தன் இனத்தின் துணை இருக்கும் ஆட்டைப் புலி வெட்ட இயலாது. முன்பு கடன் கேட்ட அதே ஆ2, இப்பொழுது கடன் கேட்கவில்லை. வைத்த இடம் ஒன்றே. வைத்த வரிசைதான் வேறு.

‘அப்படியானால் ஆட்டுக்காரனே என்றும் வெல்வானே?’ என்று கேட்கத் தோன்றும். புலி சும்மா இருப்பதில்லை. அது அ3-இல் வந்து அமர்ந்துவிட்டால் சுவரின் அடிக்கல் பெயர்ந்துவிடும். அப்பொழுது இ3 காலியாக இருந்தால் ஆ3-இல் உள்ள ஆட்டுக்கு இடர். அ1 காலியாக இருந்தால் அ2-க்கு இடர். ஆனால் மூலைக்கு வந்த புலியும் ஒரு விலை கொடுக்கிறது. அ3-இலுள்ள புலியை அடைக்க அ2, அ1, ஆ3, இ3 ஆகிய நான்கு இடங்களில் ஆடுகள் போதும். நடுவே இ2-இல் நிற்கும் புலியை அடைக்கவோ எட்டு ஆடுகள் வேண்டும். நான்கு பக்கமும் ஒன்று, ஒவ்வொன்றின் பின்னும் ஒன்று. புலிகள் நெருங்கி நின்றால் நிலைமை இன்னும் மோசம். மூன்று புலிகளும் அ1, அ2, அ3 என ஓரத்தில் வரிசையாக நின்றால் ஆ1, ஆ2, ஆ3, இ1, இ2, இ3 ஆகிய ஆறே ஆடுகள் மூன்றையும் சிறைப்படுத்திவிடும். புலி புலியைத் தாண்டாது அல்லவா? ஆகவே, சுவரை இடிக்க ஓரத்திற்கு வரவேண்டும், வந்தால் அடைபட நேரும் என்னும் இருதலைக் கொள்ளியில் புலிக்காரனும் சிக்குகிறான். அவன் பாதை சமவெளி என்றேனே, இந்த இடத்தில் அது முடிந்து அவனுக்கும் ஏற்றம் தொடங்குகிறது.

மூன்றாம் படியே என்னை மிகவும் வியக்கவைத்தது. பதினைந்து ஆடுகளும் சேதமின்றி இறங்கிவிட்டன என்று கொள்வோம். பலகையில் காலியிடங்கள் ஐந்தே. சுவர் உறுதியாக இருக்கிறது. ஆனால் இனி ஒவ்வொரு முறையும் ஓர் ஆடு நகர்ந்தே ஆகவேண்டும். அசையாமல் நிற்பதாலேயே உறுதி பெற்ற சுவர், அசையும்படி கட்டாயப்படுத்தப்படுகிறது! உச்சியில் ஒரு புலி இருக்கிறது; ஆ1 காலி; ஆ2-இல் நம் ஆடு. அந்த ஆட்டை ஆ1-க்கு நகர்த்தினால் புலி உடனே அதைத் தாண்டி ஆ2-இல், அதாவது ஆடு இப்பொழுதுதான் விட்டுவந்த இடத்தில், இறங்கிவிடும். புலியை நேர்கோட்டில் நெருங்கும் ஆடு, புலி இறங்குவதற்கான இடத்தைத் தன் முதுகுக்குப் பின்னாலேயே ஒழித்துக் கொடுக்கிறது. அதற்கு மாறாக, ஆ2-ஐ அசைக்காமல் அ1-இல் உள்ள ஆட்டை ஆ1-க்குக் கொண்டுவந்தால் உச்சிப் புலிக்கு இறங்க இடமில்லை. ஆனால் இ1-இல் வேறொரு புலி இல்லாதிருக்கவேண்டும், இருந்தால் அது ஆ1-ஐத் தாண்டிக் காலியான அ1-இல் இறங்கும். எந்த ஆட்டை எந்தத் திசையிலிருந்து கொண்டுவருவது என்பதே இங்கே கேள்வி. ஒன்பதாம் ஆட்டத்தில் நான் ஆடு வைத்து முதன்முறை வென்றபோது கைக்கொண்டது இந்தப் பக்கவாட்டு நகர்வையே. மூன்று ஆடுகளை இழந்தேன். மூன்று புலிகளையும் கட்டினேன்.

இந்த மூன்று படிகளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதில் புதியவன் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ‘இரு கட்சிக்கும் வலிமை சமம்’ என்றோ, ‘சமமன்று’ என்றோ எழுதுவது அவன் எல்லைக்கு அப்பாற்பட்டது. அது எவ்வளவு பெரிய வினா என்பதற்கு ஒரு சான்று உண்டு. நேபாளத்தில் ‘பாக் சால்’ என்ற ஆட்டம் விளையாடப்படுகிறது. அதில் 25 புள்ளிகள், நான்கு புலிகள், இருபது ஆடுகள். நம் ஆட்டத்தின் உடன்பிறப்பு எனலாம். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்னும் இரு கணினி அறிஞர் அதனை ஆராய்ந்து, இருவரும் சிறிதும் வழுவாது விளையாடினால் பாக் சால் வெற்றி தோல்வியின்றியே முடியும் என்று நிறுவினர். அதற்குக் கணினிகளின் நெடுங்கணக்கு வேண்டியிருந்தது. ஒரு சிறு பலகையின் சமநிலையை அறிய அவ்வளவு உழைப்பு வேண்டுமென்றால், ஆறு ஆட்டத்தில் அதை நாம் அறிந்துவிட்டோம் என்று எழுதுவது பொருந்துமா?

மறுபடியும் விளையாடத் தூண்டுமா?

இவ்வினாவுக்கு, ‘அலுக்கவே அலுக்காது’ என்று எழுதுவது வழக்கம். அதனை அளந்து சொல்ல ஒரு முறை உண்டு. ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுக: ‘அடுத்த முறை நான் செய்து பார்க்க விரும்புவது யாது?’ விடை இருக்குமாயின் ஆட்டத்தில் இன்னும் உயிர் இருக்கிறது. ‘பழிக்குப் பழி’ என்பது மட்டுமே விடையாயின் அது எதிராளியின்மேல் கொண்ட சினம். ஆட்டத்தின் ஆற்றல் அன்று. இருவர் குறிப்புகளிலும் தொடர்ந்து வெற்றிடமே வந்தால் ஆட்டம் அவர்களுக்குத் தீர்ந்துவிட்டது.

எங்கள் ஏட்டில் முதல் நான்கு ஆட்டங்களுக்கு எதிரே இருவருமே பழிவாங்கும் பேச்சைத்தான் எழுதியிருக்கிறோம். ஐந்தாவது ஆட்டத்தோடு அறைத் தோழர் சலித்துப்போனார். அவ்வழியே வந்த மூத்த மாணவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, “தம்பி, புலி பிடித்து வென்றதை எண்ணாதே, ஆடு பிடித்து எப்படித் தோற்றாய் என்று எண்ணிப் பார்” என்று சொல்லிப் போனார். ஏழாம் ஆட்டத்திற்குப் பிறகே ‘ஆ4-இலிருந்து தொடங்கிப் பார்க்கவேண்டும்’, ‘இரண்டு புலிகளைப் பிரித்தே வைத்திருக்கவேண்டும்’ போன்ற வரிகள் வருகின்றன. ஆகவே இந்த ஆட்டம் உடனே மனத்தைக் கவர்வதன்று. ஆறேழு முறை பொறுத்திருப்பவனைத்தான் பிடித்துக்கொள்கிறது. இதை மறைத்து எழுதினால், நம் சொல்லை நம்பி விளையாட அமர்பவர் மூன்றாம் ஆட்டத்தில் எழுந்து போய்விடுவார். நல்ல ஆட்டம் ஒன்று அவர்க்கு இல்லாமற்போகும்.

குறையையும் கூறவேண்டும். பதினொன்றாவது, பன்னிரண்டாவது ஆட்டங்கள் முடிவின்றி நின்றதற்குக் காரணம், இரு கட்சியும் முன்னும் பின்னுமாக ஒரே நகர்வைத் திரும்பத் திரும்பச் செய்ததே. எச்சரிக்கை மிகுந்த இருவர் அமர்ந்தால் இரவெல்லாம் அவ்வாறு நகர்த்தலாம். எங்கள் விதியில் அதைத் தடுக்கும் வழி இல்லை. ஒரே நிலை மூன்று முறை வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்று முன்னரே பேசிக்கொள்வது நல்லது. கட்சி மாற்றிக்கொள்ளாமல் விளையாடுவோர்க்கு இந்த ஆட்டத்தின் பாதிச் சுவை கிட்டாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

எழுதிய மதிப்புரை

இவ்வளவையும் மனத்திற்கொண்டு எழுதினால் மதிப்புரை நீளவேண்டும் என்பதில்லை. நான் எழுதியது இது:

“ஆடு புலி ஆட்டம். 23 புள்ளி, மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆறு ஆடு வெட்டினால் புலி வெற்றி என்னும் விதிப்படி, என்னை ஒத்த புதியவர் ஒருவருடன் பன்னிரண்டு முறை விளையாடி, பாதியில் புலியும் பாதியில் ஆடுமாக இருந்து இதனை எழுதுகிறேன். விதிகளை ஐந்து நிமிடத்தில் கற்கலாம். புலியாக விளையாட முதல் ஆட்டத்திலேயே இயலும். ஆடாக விளையாட எனக்கு ஏழு ஆட்டங்கள் பிடித்தன. முதல் ஆறு ஆட்டங்களிலும் புலி வென்றது. பின் ஆறில் வெற்றிகள் சமமாயின. ஆழத்தில் மூன்று படிகள் கண்டேன்: வெட்டுப்படாத மூலைகள், ஓரத்திலிருந்து எழுப்பும் சுவர், அச்சுவரையே அசைக்கும் கட்டாய நகர்வு. அதற்கு மேலும் படிகள் இருப்பதை என்னை வென்றவரின் ஆட்டத்தில் கண்டேன்; அவற்றைப் பற்றி எழுத இன்னும் விளையாடவேண்டும். பொறுமையற்றவர்க்கு முதல் சில ஆட்டங்கள் சலிப்புத் தரும். கட்சி மாற்றி விளையாடுக. ஒரே நிலை திரும்பத் திரும்ப வந்தால் நிறுத்துவதற்கு முன்பே ஒப்புக்கொள்க. சுண்ணக்கட்டியும் பதினெட்டுக் கற்களும் போதும்.”

இதில் புகழுரை இல்லை, பழிப்புரையும் இல்லை. எத்தனை ஆட்டம், யாருடன், எந்த விதி, எந்தக் கட்சி என்னும் நான்கும் முதலிலேயே வந்துவிட்டன. இதைப் படிப்பவர் பழகிய ஆட்டக்காரராயின், ‘இவன் இன்னும் மூன்றாம் படியில் நிற்கிறான்’ என்று உடனே அறிந்து அதற்கேற்பக் கொள்வார். முற்றிலும் புதியவராயின், ஏழாம் ஆட்டம்வரை பொறுத்திருக்கக் கற்பார். புதியவன் எழுதும் மதிப்புரையின் தனிப் பயனும் இதுவே. பழகியவர் முதற் படியின் இடரை மறந்துவிடுகிறார். மூலையில் வைக்கவேண்டும் என்பது அவருக்கு மூச்சுவிடுவதைப் போல் இயல்பாகிவிட்டது. அதைச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதே இல்லை. அந்த முதற் படியின் வழுக்கலை, அதில் நின்றுகொண்டிருப்பவனே சரியாக எழுத இயலும். ஏறிய படி எத்தனை என்பதை மட்டும் மறைக்காமல் எழுதவேண்டும்.

முயன்று பார்க்க விரும்பும் நண்பர்க்கு ஒரு கணக்குடன் நிறுத்துகிறேன். பலகையை வரைந்துகொள்ளுங்கள். ஒரு புலி உச்சியில் நிற்கிறது. மற்ற இரு புலிகளையும் ஒருபுறம் விட்டுவிட்டு, இந்த ஒன்றை மட்டும் அசையாமல் அடைக்க எத்தனை ஆடுகள் வேண்டும்? அதே புலி அ1-க்கு இறங்கி வந்தால் எத்தனை? முதல் விடை எட்டு, இரண்டாம் விடை நான்கு என்று நீங்களே கல்லை வைத்துக் கண்டுகொண்டால், உச்சியை விட்டு இறங்கப் புலிக்காரர் ஏன் தயங்குகிறார் என்பது விளங்கும். அவரை இறக்குவதற்கு என்ன செய்யலாம் என்பதே உங்கள் குறிப்பேட்டின் முதல் வரியாக இருக்கட்டும்.